ஓர் எலெக்ட்ரான் மட்டும் உள்ள ஹீலியம்

ஹீலியம் அணுவுக்கு எலெக்ட்ரான்கள் இரண்டு. ஒன்றைப் பறித்துவிட்டால், எஞ்சுவது ஹைட்ரஜனைப் போலவே ஒற்றை எலெக்ட்ரானை உடைய அயனி. கருவின் மின்னேற்றம் மட்டும் அங்கே ஒன்று, இங்கே இரண்டு. ஆகவே ஆற்றல் நிலைகளும் இரு மடங்கு ஆழமாகும் என்றே என் மாணவர் பலர் விடையளிப்பர். அன்று, நான்கு மடங்கு. கவர்ச்சி இரட்டிப்பதோடு, அதனால் எலெக்ட்ரான் பாதித் தொலைவுக்கு நெருங்கியும் விடுகிறது. மின்னேற்றத்தால் ஓர் இரண்டு. நெருக்கத்தால் மற்றோர் இரண்டு.

ஹைட்ரஜனின் அடிநிலை -13.6 எலெக்ட்ரான் வோல்ட். ஹீலியம் அயனிக்கு -54.4. அதனை நிலையெண்ணின் வர்க்கத்தால் வகுத்தால், இரண்டாம் நிலை -13.6, நான்காம் நிலை -3.4. இவை ஹைட்ரஜனின் முதலிரண்டு நிலைகளே அல்லவா?

இவ்வொற்றுமைதான் அறிஞரை மயக்கியது. 1896-இல் பிக்கரிங் ஒரு விண்மீனின் நிறமாலையில் கண்ட புதிய வரிகள், ஹைட்ரஜனின் பாமர் வரிகளுக்கு இடையிடையே அமைந்திருந்தன. அவையும் ஹைட்ரஜனுடையவை என்றே கொண்டனர். ஹீலியம் அயனி, ஒற்றைப்படை நிலைகளிலிருந்து நான்காம் நிலைக்கு இறங்குகையில் எழுபவை அவை என்று 1913-இல் போர் கூறினார். ஃபௌலர் ஒப்பவில்லை, அளந்த விகிதம் 4 அன்று, 4.0016 என்றார். எலெக்ட்ரான் சுற்றுகையில் கருவும் சற்றே அசைகிறது. கனத்த ஹீலியம் கரு குறைவாக அசைகிறது என்றார் போர். அவ்வசைவைக் கணக்கிற் சேர்த்ததும் அதே 4.0016 கிடைத்தது!

முழு ஹீலியத்துக்கு இவ்விதி செல்லாது. எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால், முதல் எலெக்ட்ரானைப் பறிக்க 24.6 எலெக்ட்ரான் வோல்ட்டே போதும்.