முதலில் யாருக்கு அப்டேட்?

ஒரே மாடல் போன், ஒரே கடையில் வாங்கியது. நண்பரின் போனில் புதிய ஆண்ட்ராய்டு வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. உங்கள் போனோ, அமைப்புகளுக்குள் போய் எத்தனை முறை தட்டிப் பார்த்தாலும், புதிதாக எதுவும் இல்லை என்றே சொல்கிறது. நாடும் தொலைத்தொடர்பு நிறுவனமும் வேறாக இருந்தால் அதனால் தாமதம் வரலாம். அவையும் ஒன்றாக இருந்தால், இது வெறும் குலுக்கல். அவருக்கு முதலில் விழுந்தது, உங்களுக்கு இன்னும் விழவில்லை.

அந்தக் குலுக்கல் எப்படி நடக்கிறது என்பதை 2013இல் கூகுளின் ஆண்ட்ராய்டுப் பொறியாளர் டான் மோரில் விளக்கினார். அப்போதைய நெக்சஸ் போன்களுக்கு அப்டேட் முதலில் 1 சதவீதம் கருவிகளுக்குத்தான் போகும். 24 முதல் 48 மணி நேரம் வரை பிழை அறிக்கைகளைக் கவனிப்பார்கள். கோளாறு தெரியவில்லை என்றால் 25, 50, 100 என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். எல்லாம் முடிய ஓரிரு வாரம் ஆகும். ஒரு சுற்றில் உங்கள் போன் கேட்டு, சர்வர் இல்லை என்று சொல்லிவிட்டால், அடுத்த சுற்று வரை அதே பதில்தான். பொத்தானை நூறு முறை அழுத்தினாலும் குலுக்கல் மறுபடி நடக்காது என்றார் அவர்.

இப்படிப்பட்ட குலுக்கலை நடத்தப் பரவலாகக் கையாளும் வழி எளிமையானது. கருவியின் அடையாள எண்ணையும் அந்த வெளியீட்டின் பெயரையும் சேர்த்து ஒரு கணக்கில் போட்டு, 0 முதல் 99 வரை ஓர் எண்ணை எடுக்கிறார்கள். வெளியீடு 5 சதவீதத்தில் இருக்கும்போது, 5க்குக் கீழே எண் உள்ள கருவிகளுக்கு மட்டும் கிடைக்கும். 20 சதவீதம் ஆனதும் 20க்குக் கீழே உள்ளவை சேர்ந்துகொள்ளும். முன்பு பெற்றவை எதுவும் வெளியே போகாது. வெளியீட்டின் பெயரும் கணக்கில் இருப்பதால் அடுத்த அப்டேட்டுக்கு எண் மாறிவிடும். ஒரே ஆள் எப்போதும் முதலில் மாட்டிக்கொள்ளவும் மாட்டார், எப்போதும் கடைசியில் நிற்கவும் மாட்டார்.

செயலிகளுக்கும் இதே முறைதான். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் செயலியை உருவாக்கியவர் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால், தானியங்கி அப்டேட் ஏழு நாளில் 1, 2, 5, 10, 20, 50, 100 என்ற சதவீதங்களில் பரவும். நடுவில் சந்தேகம் வந்தால் மொத்தம் 30 நாள் வரை நிறுத்தி வைக்கலாம். கூகுள் பிளேயில் அட்டவணை கிடையாது. சதவீதத்தை உருவாக்கியவரே முடிவு செய்கிறார்.

ஆய்வகத்திலேயே நன்றாகச் சோதித்துவிட்டு எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுத்தால் என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் கருவிகளில் ஒன்றை மட்டும் பாதிக்கிற பிழை ஒன்று இருக்கிறது. நிறுவனம் ஆயிரம் கருவிகளில் சோதித்தாலும் அது கண்ணில் படாமல் போகவே வாய்ப்பு அதிகம். ஒரு கோடிப் பேர் பயன்படுத்தும் மென்பொருள் என்றால், 1 சதவீதம் என்பது ஒரு லட்சம் பேர். அவர்களில் சுமார் பத்துப் பேரிடம் பிழை தலைகாட்டும். அங்கேயே பிடித்து நிறுத்தினால் பாதிப்பு பத்துப் பேரோடு முடிந்தது. ஒரே நாளில் எல்லோருக்கும் கொடுத்திருந்தால் ஆயிரம் பேர்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, கிளறிவிட்ட பானைக்குத்தான் பொருந்தும். மேலாக ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்துவிட்டு அடியில் வேகாததைக் கண்டுபிடிக்க முடியாது. குலுக்கல் செய்கிற வேலை அந்தக் கிளறல்தான். பழைய கருவி, நிரம்பி வழியும் நினைவகம், மந்தமான இணையம் எல்லாம் முதல் 1 சதவீதத்திலேயே கலந்து வரவேண்டும்.

வெளியீட்டை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வரும்போது பலரும் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நிறுத்துவது வேறு, திரும்பப் பெறுவது வேறு. கூகுள் பிளேயில் வெளியீட்டை நிறுத்தினால் புதிதாக யாருக்கும் போகாது, அவ்வளவுதான். ஏற்கெனவே பெற்றவர்களின் போனில் பிழையுள்ள பதிப்பு அப்படியேதான் இருக்கும். பழைய பதிப்பையே கொடுக்க நினைத்தாலும், அதற்கு இன்னும் பெரிய பதிப்பு எண்ணைப் போட்டுப் புதிய அப்டேட்டாகத்தான் அனுப்ப வேண்டும். அதனால்தான் பல நிறுவனங்கள் புதிய வசதியைச் செயலிக்குள் அணைத்த நிலையிலேயே அனுப்பி வைத்துவிட்டு, பிறகு சர்வரிலிருந்து சிலருக்கு மட்டும் திறந்துவிடுகின்றன. கோளாறு என்றால் சில நிமிடங்களில் மூடிவிடலாம். நண்பரும் நீங்களும் ஒரே பதிப்பு எண்ணை வைத்திருந்தும் அவருக்கு மட்டும் ஒரு வசதி தெரிவது இதனால்தான்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் எங்கே சறுக்கும் என்பதற்கு விண்டோஸ் 10இன் அக்டோபர் 2018 அப்டேட் ஒரு நல்ல பாடம். 1809 என்ற எண் கொண்ட அந்தப் பதிப்பை மைக்ரோசாஃப்ட் 2018 அக்டோபர் 2 அன்று வெளியிட்டது. முதல் வாரம், அமைப்புகளில் 'Check for updates' என்ற பொத்தானைத் தாங்களாக அழுத்தியவர்களுக்கு மட்டும். தானாகப் போய்ச் சேர்வது அக்டோபர் 9இல் தொடங்கும் என்பது திட்டம். ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் வெளியீடு நின்றது. அப்டேட் செய்தவர்களில் சிலரின் ஆவணங்களும் படங்களும் மறைந்துபோயிருந்தன.

காரணம் ஒரு சின்ன நல்லெண்ணம். விண்டோஸில் Documents, Pictures போன்ற கோப்புறைகள் முதலில் C டிரைவில் இருக்கும். இடம் போதாதவர்கள் அவற்றை D டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். முந்தைய பதிப்புக்குப் பிறகு, இப்படி மாற்றியவர்களின் கணினியில் அதே பெயரில் ஒரு காலிக் கோப்புறை C டிரைவிலும் தெரிகிறது என்று புகார்கள் வந்தன. அந்தக் காலிக் கோப்புறையை நீக்க 1809இல் ஒரு நிரல் சேர்த்தார்கள். ஆனால் அப்டேட் நடக்கும் வரிசையில் செய்த இன்னொரு மாற்றமும் அதனோடு சேர்ந்துகொள்ள, பழைய இடத்தில் இருந்த கோப்புறை உள்ளே இருப்பதோடு சேர்த்து அழிக்கப்பட்டது.

ஒருவர் தம் Documents கோப்புறையை `C:\Users\` என்பதற்குள்ளிருந்து `D:\Documents` என்ற இடத்துக்கு மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ், பழைய கோப்புகளையும் அங்கே நகர்த்தட்டுமா என்று கேட்கிறது. அவர் வேண்டாம் என்கிறார். இனி எழுதுபவை D டிரைவில் சேரும், பழையவை C டிரைவிலேயே கிடக்கும். அவருக்கு இதில் ஒரு குறையும் இல்லை. 1809 வந்ததும் D டிரைவில் இருப்பவை பத்திரம். C டிரைவில் விட்டுவைத்த பழைய கோப்புகள் போயின. ஒன்டிரைவின் ஒரு பழைய பதிப்பில் தானாகச் சேமிக்கும் வசதியைப் போட்டிருந்தவர்களுக்கும், ஏற்கெனவே இருந்த கோப்புகள் பழைய இடத்திலேயே தங்கிவிட்டதால் இதே கதி.

மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்குப்படி, கோப்பு அழிந்ததாக வந்த புகார்கள் 1809ஐ நிறுவியவர்களில் ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு, அதாவது பத்தாயிரத்துக்கு ஒன்று. நாம் மேலே போட்ட கணக்கில் வந்த அதே பிழை. ஆனால் இங்கே அதைக் கருவிகளின் தானியங்கி அறிக்கைகளில் பார்த்திருக்க முடியாது. கணினி முடங்கவில்லை, எந்தச் செயலியும் நின்றுபோகவில்லை, அப்டேட் வெற்றி என்றே பதிவானது. முடங்கல் விகிதம், நிறுவல் தோல்வி, பேட்டரிச் செலவு என்று பார்த்துக்கொண்டிருக்கும் பொறியாளருக்கு எல்லாக் கோடுகளும் நேராகத்தான் தெரிந்திருக்கும். பாதிக்கப்பட்டவர் தம் கோப்புறையைத் திறந்து பார்த்து, திடுக்கிட்டு, எழுதினால்தான் தெரியும்.

எழுதியும் இருந்தார்கள். முன்னோட்டப் பதிப்பைச் சோதிக்கும் தன்னார்வலர்களில் சிலர் வெளியீட்டுக்கு முன்பே கோப்புகள் காணாமல் போவதாகப் புகார் செய்திருந்தனர். அதே சிக்கல் பிறருக்கும் இருந்தால் புகாருக்கு ஆதரவு வாக்கு விழும். வாக்கு அதிகமானால் மேலே வரும். இது அரிதான பிழை என்பதால் வாக்கு விழவில்லை, புகார்கள் அடியிலேயே தங்கிவிட்டன. எத்தனை பேருக்கு என்று கேட்ட அமைப்பு, எவ்வளவு கடுமையானது என்று கேட்கவில்லை. பிறகு புகார் எழுதும்போதே கடுமையைக் குறிக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. திருத்திய 1809 மறுபடி வெளிவந்தது நவம்பர் 13 அன்று. காத்திருந்தவர்களுக்கு ஆறு வாரத் தாமதம், கோப்பும் பத்திரம்.

படிப்படியாகப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரம் காலை 9.39க்கு ஒரு சிறிய தரவுக் கோப்பை அனுப்பியது. 21 உள்ளீடுகளை எதிர்பார்த்த இடத்தில் மென்பொருள் 20ஐத்தான் கொடுத்தது. இல்லாத இருபத்தோராவதைப் படிக்கப் போய் விண்டோஸ் நீலத் திரையில் விழுந்தது. 10.57க்குக் கோப்பைத் திருத்திவிட்டார்கள். ஆனால் 78 நிமிடத்தில் சுமார் 85 லட்சம் கணினிகள் சிக்கிவிட்டன. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். இந்த நிறுவனத்தின் மென்பொருள் பதிப்புகளைத் தள்ளிப்போட வாடிக்கையாளர்களுக்கு வழி இருந்தது. இந்தத் தரவுக் கோப்புகளுக்கு அது கிடையாது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போயின. புதிய தாக்குதல்களை உடனே தடுக்க வேண்டும் என்ற அவசரம்தான் காரணம். சம்பவத்துக்குப் பிறகு இவற்றையும் படிப்படியாக அனுப்பத் தொடங்கினார்கள்.

அந்த அவசரத்தில் நியாயமும் உண்டு. திருடர்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஓட்டையை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தம் என்றால், காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்துதான். அதை வந்தவுடன் போட்டுக்கொள்வதே சரி. புதிய தோற்றமும் புதிய வசதிகளும் கொண்டுவரும் பெரிய அப்டேட் வேறு வகை. அங்கே, பொத்தானை அழுத்தினாலே கிடைத்துவிடும் விண்டோஸ் போன்றவற்றில், அதைத் தேடிப் போய் அழுத்துகிறவர், குலுக்கலில் தம் எண் வருவதற்கு முன்பே வரிசையின் முன்னால் போய் நிற்கிறார். ஆப் ஸ்டோரிலும் அப்படித்தான்: ஏழு நாள் அட்டவணை தானியங்கி அப்டேட்டுக்கு மட்டுமே, கையால் அழுத்துகிறவருக்கு முதல் நாளே கிடைக்கும். அழுத்தக் கூடாது என்பதில்லை. 1809இல் முதல் வாரம் அழுத்தியவர்களிடம்தான் பிழை வெளிப்பட்டது, மற்றவர்கள் தப்பினார்கள். முன்னால் போய் நிற்க விரும்புகிறவர், அதற்கு முன் தம் கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனம் வெளியீட்டை நிறுத்தலாம். அழிந்ததை அதனால் திருப்பித் தர முடியாமல் போகலாம்.