பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசலாமா?

ரயிலில் ஆர்.ஏ.சி. டிக்கெட் என்றால் முன்பின் அறியாத இருவருக்கு ஒரே படுக்கை. ஸ்லீப்பர் பெட்டியில் நடைபாதை ஓரமாக இருக்கும் 7, 15, 23 போன்ற எண்கள் கொண்ட கீழ்ப்படுக்கையின் நடுப்பகுதியை நிமிர்த்தினால் எதிரெதிராக இரண்டு இருக்கைகள் கிடைக்கும். மடக்கிவிட்டால் ஒருவர் மட்டுமே கால் நீட்டிப் படுக்கலாம். பகலில் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இறங்கிப் போய்விடலாம், யாருக்கும் குறையில்லை. ஆர்.ஏ.சி. சீட்டில் அப்படி முடியாது. அங்கே பேசாமல் இருந்தால் இருவருடைய தூக்கமும் கெடும்.

எழும்பூரில் இரவு ஏறுகிறீர்கள், மதுரை வரை பயணம் என்று வைத்துக்கொள்வோம். எதிரே ஒரு பெரியவர். பையை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, “எதுவரைக்கும் போறீங்க சார்?” என்று கேட்பதுதான் நம் பக்கத்து வழக்கம். “திருச்சி” என்று அவர் சொன்னால் பாதி ஏற்பாடு முடிந்தது. நள்ளிரவு தாண்டி அவர் இறங்கிவிடுவார். அதன்பிறகு வேறு யாருக்கும் அந்த இடம் ஒதுக்கப்பட்டிராவிட்டால் முழுப் படுக்கையும் உங்களுக்கு. அதனால் முதல் சில மணி நேரம் அவரைப் படுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஓரமாக உட்கார்ந்து வரலாம். இருவருமே மதுரை என்றால் ஆளுக்குப் பாதி இரவு என்று பிரித்துக்கொள்ளலாம், அல்லது எதிரெதிராகக் கால் நீட்டிச் சமாளிக்கலாம். டி.டி.ஆர். வந்து காலி பெர்த் ஒன்றை ஒருவருக்குக் கொடுத்தால் இருவருக்கும் விடுதலை. இதையெல்லாம் பத்து மணிக்குள் பேசி முடிக்க வேண்டும். ரயில்வே விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை தூங்கும் நேரம். விளக்கை அணைத்தபின் பேச்சைத் தொடங்கினால் பக்கத்தில் இருக்கும் எட்டுப் பேருக்கும் தொந்தரவு.

இந்த ஏற்பாட்டைத் தாண்டிப் பேச்சு வளரலாமா என்பதை எதிரில் இருப்பவரின் பதிலே சொல்லிவிடும். “திருச்சி. நீங்க?” என்று கேள்வி திரும்பி வந்தால் அவருக்கும் பேச விருப்பம் இருக்கிறது. “திருச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினால் அதோடு விட்டுவிட வேண்டும். இன்னொரு கேள்வி போட்டுப் பார்ப்போமே என்று தோன்றும், போடக் கூடாது. காதில் இயர்போன், மடியில் பாடப்புத்தகம், மூடிய கண்கள், போனில் தாழ்ந்த குரலில் ஏதோ துக்கச் செய்தி: இவற்றில் ஒன்று இருந்தாலும் இடம் பற்றிய ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை.

சிகாகோவில் நிக்கோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் புறநகர் ரயில் பயணிகளை வைத்து ஒரு சோதனை நடத்தி 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். அறிமுகமில்லாதவரோடு பேசினால் பயணம் சலிப்பாகிவிடும் என்றுதான் பெரும்பாலும் எதிர்பார்ப்பு இருந்தது. உண்மையில் பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள், தனியே வந்தவர்களைவிடப் பயணம் இனிமையாக இருந்ததாகச் சொன்னார்கள். நம்மில் கூச்சப்படுகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் அந்த ரயிலில் கருத்துக் கேட்கப்பட்டது பேச்சைத் தொடங்கியவர்களிடம்தான். அதுவும் வேலைக்குப் போகும் நேரத்துப் பயணம். இரவு ரயிலில் தனியாக வரும் ஒரு பெண்ணுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

ஆண்கள் யோசிக்காமல் விடுவது இதைத்தான். “எங்க இறங்கணும்?” என்ற சாதாரணக் கேள்விக்குப் பதில் சொன்னால், விடிகாலை எந்த ஸ்டேஷனில் தனியாக நிற்பேன் என்று ஒரு பெண் அந்நியரிடம் சொன்னதாகிவிடுகிறது. அந்தக் கேள்வியோடு “கூட்டிட்டுப் போக ஆள் வருமா?” என்பதும் சேர்ந்தால் அக்கறையாகக் கேட்டாலும் அச்சம்தான் வரும். எதிரே தனியாக ஒரு பெண் இருந்தால் ஆண் கேட்க வேண்டியது ஊர் அல்ல. “நீங்க படுத்துக்கறீங்களா, நான் டி.டி.ஆர்.கிட்ட வேற இடம் கேட்டுப் பாக்கறேன்” என்பது போதும். பேச வேண்டுமா என்பதை அவர் தீர்மானிக்கட்டும். டவுன் பஸ்ஸிலும் இதே கணக்குதான். “ஆள் வருதா?” என்று கேட்டு உட்கார்ந்துவிட்டால், அந்தக் கேள்வியோடு வேலை முடிந்தது.

பேச்சு நன்றாகவே ஒட்டிக்கொண்ட பிறகும் ஒரு சங்கடம் வரும். நம் ஊரில் பழகிவிட்டால் உடனே டிபன் பெட்டி திறக்கும். முன்பின் தெரியாதவர் தரும் தின்பண்டத்தை வாங்க வேண்டாம் என்று ரயில்வே எச்சரிக்கிறது, மயக்க மருந்து கலந்து கொள்ளையடித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால். எனவே நீட்டினாலும் ஒரு தடவைதான் நீட்ட வேண்டும். “இப்பதான் சாப்பிட்டேன், நீங்க சாப்பிடுங்க” என்று அவர் சொன்னால், “ஒரு இட்லி மட்டும்” என்று வற்புறுத்தாதீர்கள்.