நகைச் சீட்டில் உள்ள எண்களும் பில்லின் கணக்கும்

நகைக்கடையில் ஒவ்வொரு நகையிலும் நூலால் கட்டிய சிறு சீட்டு ஒன்று தொங்கும். நகையின் தரம், மொத்த எடை, கல் எடை, நிகர எடை, சேதார விகிதம் ஆகியவை அதில் இருக்கும். கடைசியில் வரும் பில் இந்த எண்களையும் அன்றைய தங்க விலையையும் கொண்டே போடப்படுகிறது. சீட்டின் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் பில்லின் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துவிடலாம்.

முதலில் தரம். ஆபரணத் தங்கம் என்று தமிழ்நாட்டில் சொல்லப்படுவது 22 காரட் தங்கம். ஆயிரம் பங்கில் 916 பங்கு சுத்தத் தங்கமும், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும் கலந்தது அது. இதைத்தான் ‘தொள்ளாயிரத்துப் பதினாறு’ என்கிறார்கள். கல் பதித்த நகைகள், குறிப்பாக வைர நகைகள், 18 காரட்டில் வருவது வழக்கம். அவற்றில் 750 பங்குதான் தங்கம். 22 காரட் விலை கிராமுக்கு 10,000 ரூபாய் என்றால், 18 காரட்டுக்கு அதில் 916-க்கு 750 என்ற விகிதத்தில் ஏறக்குறைய 8,190 ரூபாய்தான் வரவேண்டும். 18 காரட் நகைக்கு 22 காரட் விலை போட்டிருந்தால் முதல் வரியிலேயே கணக்குத் தவறிவிட்டது என்று பொருள்.

தரத்துக்கு உறுதி தருவது ஹால்மார்க். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மையத்தில் நகையைச் சோதித்து, லேசரால் மூன்று அடையாளங்களைப் பொறிக்கிறார்கள்: அமைப்பின் முக்கோணச் சின்னம், 22K916 போன்ற தரக்குறி, ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யு.ஐ.டி. அடையாள எண். ஹால்மார்க் 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயப் பட்டியலில் உள்ள நகைகளை இந்த ஆறு இலக்க எண் இல்லாமல் கடைகள் விற்கக்கூடாது. 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு விலக்கு உண்டு. ஒவ்வொரு நகைக்கும் எண் தனி. அதை BIS Care செயலியில் Verify HUID பகுதியில் இட்டால், என்ன வகை நகை, என்ன தரம், எந்த மையத்தில் முத்திரை பெற்றது என்ற விவரம் வரும். கையில் இருப்பது வளையல், திரையில் வருவது மோதிரம் என்றால் அந்த எண் வேறொரு நகையுடையது.

ஆனால் ஹால்மார்க் உறுதி தருவது தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான். கல்லின் மதிப்பு, சேதாரம், செய்கூலி இவற்றில் அதற்குப் பங்கில்லை. விலையைத் தீர்மானிக்கும் அடுத்த எண் நிகர எடை. நகையைத் தராசில் வைத்தால் வருவது மொத்த எடை. அதில் கல், முத்து, எனாமல், கயிறு போன்றவற்றின் எடையைக் கழித்தால் கிடைப்பது நிகர எடை. தங்க விலை, சேதாரம், கிராம் கணக்கில் போடும் செய்கூலி எல்லாம் இந்த எடையைக் கொண்டுதான் பெருக்கப்பட வேண்டும். ஆகையால் இங்கே நேரும் பிழை ஒரு வரியோடு நிற்காது.

அடுத்து சேதாரம். பொற்கொல்லர் தங்கத்தை உருக்கி, கம்பியாக இழுத்து, அராவி, மெருகேற்றும்போது கொஞ்சம் தூளாகவும் துகளாகவும் போகும். அந்த இழப்பை வாங்குபவர் ஏற்கும் வழக்கமே சேதாரம். இன்றைய பட்டறைகள் அந்தத் தூளைத் திரட்டி மீண்டும் உருக்கிக்கொள்கின்றன. எனவே சீட்டில் உள்ள சேதார விகிதம் உண்மையில் வேலைப்பாட்டுக்கான விலையாகவே ஆகிவிட்டது. எந்திரத்தில் செய்யும் எளிய சங்கிலிக்குக் குறைவாகவும், கையால் செதுக்கும் நகாசு நகைக்கு அதிகமாகவும் அது இருப்பதற்குக் காரணம் இதுதான். செய்கூலி என்பது கிராமுக்கு இவ்வளவு என்றோ நகைக்கு இவ்வளவு என்றோ தனியாகப் போடும் கூலி. சில கடைகள் இரண்டையும் சேர்த்து ஒரே விகிதமாகப் போடுகின்றன.

ஒரு கல் நெக்லஸை எடுத்துக்கொள்ளலாம். தரம் 22K916, மொத்த எடை 17.250 கிராம், கல் எடை 1.250 கிராம், நிகர எடை 16 கிராம், அதாவது 2 சவரன். கணக்கு எளிதாக இருக்க, கிராம் விலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். சேதாரம் 12 சதவீதம், செய்கூலி கிராமுக்கு 100 ரூபாய், கல்லின் விலை 3,000 ரூபாய்.

தங்கத்தின் விலை: 16 × 10,000 = 1,60,000 ரூபாய்
சேதாரம்: 1.920 கிராம் × 10,000 = 19,200 ரூபாய்
செய்கூலி: 16 × 100 = 1,600 ரூபாய்
கல்: 3,000 ரூபாய்
கூட்டுத்தொகை: 1,83,800 ரூபாய்
ஜி.எஸ்.டி. 3 சதவீதம்: 5,514 ரூபாய்
ஹால்மார்க் கட்டணம் 45 ரூபாய், அதற்கு வரி 18 சதவீதம்: 53.10 ரூபாய்
செலுத்த வேண்டியது: 1,89,367.10 ரூபாய்

ஹால்மார்க் கட்டணம் எடையைப் பொறுத்ததல்ல; எண்ணிக்கையைப் பொறுத்தது. 1 சவரன் மோதிரத்துக்கும் 10 சவரன் ஆரத்துக்கும் அதே 45 ரூபாய்தான். ஹால்மார்க்கின் பெயரில் ஆயிரக்கணக்கில் வாங்க இடமில்லை.

இதே நெக்லஸுக்குக் கல் எடையைக் கழிக்காமல் பில் போட்டால் என்ன ஆகும்? 1.250 கிராம் கல்லுக்குத் தங்கத்தின் விலையாக 12,500 ரூபாய், அதன்மேல் சேதாரம் 1,500, செய்கூலி 125 என 14,125 ரூபாய் ஏறும். அதற்கும் 3 சதவீத வரி சேர்த்தால் கூடுதல் 14,548.75 ரூபாய். கல்லுக்குத் தனியாக 3,000 ரூபாயும் பில்லில் இருப்பதால், அதே கல்லுக்கு இரண்டு முறை பணம் போகிறது. மொத்த எடையும் நிகர எடையும் ஒன்றாக இருக்கும் கல் நகையின் சீட்டு இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு கடைகளை ஒப்பிடும்போது சேதார விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரு கடையில் சேதாரம் 12 சதவீதம், செய்கூலி இல்லை. இன்னொன்றில் சேதாரம் 8 சதவீதம், செய்கூலி கிராமுக்கு 450 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். கிராமுக்கு மாற்றிப் பார்த்தால் முதல் கடையில் கூடுதல் செலவு 1,200 ரூபாய், இரண்டாவதில் 1,250 ரூபாய். குறைந்த சேதாரம் சொன்ன கடையில்தான் விலை அதிகம்.

நகையை விற்கப்போகும் நாளில் சேதாரமும் செய்கூலியும் வரியும் திரும்பி வருவதில்லை. எடுத்துக்காட்டில் உள்ள நெக்லஸின் மொத்தச் செலவை 16 கிராமுக்குப் பங்கிட்டால் கிராமுக்குச் சுமார் 11,835 ரூபாய். விற்கும்போது கணக்கில் எடுப்பது நிகர எடையையும் தரத்தையும் அன்றைய விலையையும் மட்டுமே. தங்கத்தின் விலை கிராமுக்கு 1,800 ரூபாய்க்கு மேல் ஏறிய பிறகுதான் போட்ட பணம் கைக்கு வரும்.

ஹால்மார்க் நகைக்கான பில்லில் நகையின் விவரம், தங்கத்தின் நிகர எடை, காரட்டில் தரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. தரத்தில் ஐயம் வந்தால் வாங்கியவரே அங்கீகாரம் பெற்ற மையத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். முத்திரையில் உள்ளதைவிடத் தரம் குறைவு என்று உறுதியானால், விற்ற எடைக்கு அந்தக் குறைவின் மதிப்பைக் கணக்கிட்டு, அதைப்போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகப் பெற 2018-ஆம் ஆண்டின் தர நிர்ணய அமைப்பு விதிகள் வழிசெய்கின்றன. தரமும் நிகர எடையும் எழுதப்பட்ட பில் கையில் இருந்தால்தான் அந்தக் குறைவைக் கணக்கிட முடியும்.