வானொலியில் பின்னம்: எட்டு நொடி இடைவெளி

இணையம் இல்லாத வீட்டுக்கும் காரைக்கால் பண்பலை எட்டும், கரும்பலகைதான் எட்டாது. ஆகவே நான்காம் வகுப்புக்கான வானொலி உரையில் பின்னக் குறியீட்டை ஒதுக்கிவிட்டுத் தோசையில் தொடங்கினேன்.

“ஒரு தோசையை மூன்று பேர் சமமாகப் பகிர்கிறார்கள். அதே அளவுள்ள இன்னொரு தோசையை நான்கு பேர் பகிர்கிறார்கள். எதில் ஒருவருக்குப் பெரிய துண்டு கிடைக்கும்? நான் மேசையைத் தட்டி முடிக்கும்வரை யோசியுங்கள்.”

இங்கே எட்டு நொடி. வெறும் மௌனமாக விட்டால் நிலையம் நின்றுவிட்டது என்று குழந்தை வானொலியை அணைத்துவிடும். அதனால்தான் மெதுவான தட்டல். 1974இல் நிகரகுவாவில் தொடங்கிய வானொலிக் கணிதத் திட்டத்திலும் குழந்தைகள் வாய்விட்டு விடை சொல்ல இடைவெளி இருந்தது.

மூன்றைவிட நான்கு பெரிது என்பதால், “நான்கு பேர் பகிர்ந்ததில்” என்று சிலர் சொல்வார்கள். யார் என்ன சொன்னார்கள் என்பது நமக்குக் கேட்காது. எனவே விடையோடு காரணத்தையும் சொல்ல வேண்டும்: “ஆள் கூடினால் துண்டு சிறுக்கும். நான்கில் ஒன்றைவிட மூன்றில் ஒன்று பெரிது.” தமிழில் பகுதி முதலில் வருவது வசதி, எத்தனை பங்கு என்பதே முதலில் காதில் விழும்.

‘கால்’ என்று மட்டும் சொன்னால் பாதம் நினைவுக்கு வரும். ‘கால் பங்கு’ என்க. (நம் ஊர்ப் பெயரிலும் ஒரு கால் உண்டு, சிரிக்கட்டும்.)

அடுத்த ஒலிபரப்பில் தோசையை விட்டுக் கயிற்றுக்கு மாறி, ஐந்தில் ஒன்றா ஆறில் ஒன்றா பெரிது என்று கேட்கலாம். பள்ளிக்கு வரும்போது அதையே நேரில் கேளுங்கள். “ஆறில் ஒன்று” என்று விடை வந்தால், தோசைக் கணக்கு மனப்பாடமாகத்தான் பதிந்திருக்கிறது. மூன்றில் இரண்டையும் நான்கில் மூன்றையும் ஒப்பிடுவதற்குப் படம் வேண்டும்; அதை வகுப்பறைக்கு விட்டுவிட்டேன்.