உடற்கூற்றியல் படங்களிலிருந்து பட மறைப்பு அட்டைகள் உருவாக்குதல்

பட மறைப்பு அட்டை என்பது ஒரு படத்தின் சில பகுதிகளை வண்ணக் கட்டங்களால் மூடி, மூடிய இடத்தில் இருப்பது என்ன என்று கேட்கும் நினைவட்டை ஆகும். மாணவர் விடையை மனத்தில் சொல்லிக்கொண்ட பிறகு அட்டையைத் திருப்பினால் கட்டம் விலகிப் பெயர் தெரியும். விரிவுரைச் சில்லுப்படங்களில் வரும் உடற்கூற்றியல் படங்களைப் படிக்க மருத்துவ, செவிலிய, இயன்முறை மருத்துவ மாணவர்கள் இம்முறையைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். இதற்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள் ஆங்கி ஆகும். திரையில் Anki என்று தோன்றும். 2006இல் வெளிவந்த இம்மென்பொருளில் பட மறைப்பு வசதியைப் பல ஆண்டுகள் தனிச் செருகுநிரல் மூலமே பெற முடிந்தது. 2023இல் வந்த 23.10 பதிப்பிலிருந்து அது மென்பொருளுக்குள்ளேயே அமைந்துள்ளது.

அட்டையைச் செய்வது எளிது. படத்தை உள்ளிட்டு ஒவ்வொரு பெயரின் மேலும் ஒரு கட்டம் வரைந்தால், கட்டத்துக்கு ஓர் அட்டை வீதம் மென்பொருளே உண்டாக்கிவிடும். அவ்வாறு எண்ணாமல் செய்த அட்டைகளில் பல, உடற்கூற்றியலைக் கேட்பதில்லை. படத்தின் சாயலைத்தான் கேட்கின்றன. எதை மூடுவது, எதைத் திறந்து வைப்பது என்ற முடிவுதான் இதில் உண்மையான வேலை. புயநரம்புப் பின்னலின் படத்தைக் கொண்டு இதைத் தெளிவாகக் காணலாம். பிராக்கியல் பிளெக்சஸ் என்று வகுப்பறைகளில் வழங்கும் இப்பின்னல், கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகளின் வலையமைப்பு ஆகும்.

== படத்தை எடுத்தல் ==

ஆங்கிக்குள் படத்தை வெட்டிச் சீராக்க வழியில்லை. எனவே படம் உள்ளே போகும் முன்பே தேவையான அளவுக்கு வெட்டப்பட்டிருக்க வேண்டும். விரிவுரை பி.டி.எஃப் கோப்பாக இருந்தால் பக்கத்தைத் திரை நிறையப் பெரிதாக்கி, பிறகு திரைப்பிடிப்பு எடுப்பது நல்லது. சிறிதாக எடுத்துப் பின்னர் பெரிதாக்கினால் எழுத்துகள் மங்கிவிடும். விண்டோஸ் கணினியில் Windows + Shift + S என்ற விசைகளை அழுத்தி வேண்டிய பகுதியை மட்டும் எடுக்கலாம்.

பவர்பாயிண்ட் கோப்பில் ஒரு பொறி உண்டு. பெயர்களை ஆசிரியர் தனி எழுத்துப்பெட்டிகளாகப் படத்தின் மேல் வைத்திருப்பார். படத்தை மட்டும் வலச்சொடுக்கிச் சேமித்தால் பெயர்கள் ஒன்றும் வராது. Ctrl + A அழுத்தி அனைத்தையும் தெரிவுசெய்து சேமிக்க வேண்டும், அல்லது திரைப்பிடிப்பே எடுத்துவிட வேண்டும். பெயர்கள் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒன்றாகத் தோன்றுமாறு அமைத்த சில்லுகளை, எல்லாப் பெயர்களும் வந்து முடிந்த நிலையில்தான் பிடிக்க வேண்டும்.

சில்லின் தலைப்பு, கல்லூரிச் சின்னம், ஓரத்துக் குறிப்புகள் ஆகியவற்றை வெட்டி நீக்குவது அழகுக்காக மட்டுமன்று. தலைப்பிலேயே விடை இருப்பது அடிக்கடி நேர்வது. மேலும் கைப்பேசியில் படிக்கும்போது வெற்றிடம் குறைந்த படத்தில்தான் எழுத்து தெரியும்.

== இரண்டு மறைப்பு முறைகள் ==

ஆங்கியில் புதிய குறிப்பு சேர்க்கும் சாளரத்தில் "Image Occlusion" என்ற வகையைத் தெரிந்தெடுத்துப் படத்தை உள்ளிட்டதும், வரைகருவிகளோடு இரண்டு முறைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் கிடைக்கும். "Hide One, Guess One" என்பதில் கேட்கப்படும் ஒரு பெயர் மட்டும் மூடப்படும், மற்றவை தெரியும். "Hide All, Guess One" என்பதில் எல்லாப் பெயர்களும் மூடப்பட்டு, கேட்கப்படுவது மட்டும் வேறு நிறத்தில் காட்டப்படும்.

புயநரம்புப் பின்னலில் மேல், நடு, கீழ் என்று மூன்று தண்டுகள் உள்ளன. முதல் முறையில் மேல், கீழ் என்னும் பெயர்கள் திறந்திருக்க, நடுத்தண்டைக் கேட்டால் விடை தானே வந்து விழும். மாணவர் நரம்பைப் பார்க்கவே வேண்டாம். விடுபட்ட சொல்லை நிரப்பினால் போதும். பெயர்கள் ஒரு தொகுதியாக அமைந்த படங்களுக்கெல்லாம் இது பொருந்தும். ஆகவே இத்தகைய படங்களுக்கு இரண்டாம் முறையே ஏற்றது. நெருக்கமான ஒரு படத்தில் சுற்றியுள்ள உறுப்புகளை வைத்தே ஒன்றை அடையாளம் காணும் பழக்கம் வேண்டும் என்றால் முதல் முறைக்கு இடமுண்டு.

== புயநரம்புப் பின்னல்: ஓர் எடுத்துக்காட்டு ==

வழக்கமான படத்தில் இடப்புறத்திலிருந்து வலமாக C5, C6, C7, C8, T1 என்னும் ஐந்து வேர்கள், மூன்று தண்டுகள், ஆறு பிரிவுகள், மூன்று நாண்கள், ஐந்து முனைக் கிளைகள் காட்டப்படும். மொத்தம் 22 பெயர்கள். கட்டத்துக்கு ஓர் அட்டை என்று விட்டுவிட்டால் 22 அட்டைகள் உண்டாகும். அவற்றுள் பாதி வீண்.

வேர்கள் ஐந்தும் மேலிருந்து கீழாக வரிசையில் நிற்கின்றன. மூன்றாவதைக் கேட்டால் எண்ணிப் பார்த்து C7 என்று சொல்லிவிடலாம். அதில் நினைவுகூர ஒன்றுமில்லை. எனவே ஐந்து கட்டங்களையும் ஒருசேரத் தெரிவுசெய்து ஒரு குழுவாக்க வேண்டும். குழுவாக்கிய கட்டங்கள் ஒரே அட்டையாகும். மூன்று தண்டுகளையும் அவ்வாறே ஒரு குழுவாக்கலாம். பிரிவுகளில் முன்பிரிவுகள் மூன்றும் ஒரு குழு, பின்பிரிவுகள் மூன்றும் ஒரு குழு. பின்பிரிவுகள் மூன்றும் சேர்ந்து பின்நாணாகின்றன என்ற செய்தி அந்தக் குழுவைப் பார்த்தாலே கண்ணில் படும்.

நாண்களைத் தனித்தனியே விடவேண்டும். பக்கநாண், பின்நாண், நடுநாண் என்ற பெயர்கள் அக்குள் தமனியை ஒட்டி அவை இருக்கும் நிலையைக் குறிப்பவை. தட்டையான படத்தில் மேல் கீழாக வரையப்படுவதால் குழப்பம் வருவது இங்குதான். முனைக் கிளைகள் ஐந்தும் தனித்தனி அட்டைகள். பக்கநாணிலிருந்து மஸ்குலோகியூட்டேனியஸ், பின்நாணிலிருந்து ஆக்சிலரியும் ரேடியலும், நடுநாணிலிருந்து அல்நார் நரம்பு வருகின்றன. மீடியன் நரம்பு மட்டும் பக்கநாண், நடுநாண் இரண்டிலிருந்தும் வேர் பெறுகிறது. ஆக வேர்களுக்கு 1, தண்டுகளுக்கு 1, பிரிவுகளுக்கு 2, நாண்களுக்கு 3, கிளைகளுக்கு 5 என 12 அட்டைகள் போதும்.

கட்டம் வரைவதிலும் கவனம் வேண்டும். பெயரின் நீளத்துக்கு ஏற்பக் கட்டம் வரைந்தால், மஸ்குலோகியூட்டேனியஸ் மேல் நீண்ட கட்டமும் அல்நார் மேல் குட்டைக் கட்டமும் அமையும். சில நாளில் மாணவர் நரம்பை விட்டுக் கட்டத்தின் நீளத்தைப் படிக்கத் தொடங்கிவிடுவார். அவர் அறியாமலே இது நடக்கும். ஐந்து கிளைகளின் கட்டங்களையும் மிக நீண்ட பெயரின் அளவுக்கே வரைவது இதைத் தடுக்கும். பெயரை உறுப்போடு இணைக்கும் சுட்டுக்கோட்டை மட்டும் மூடக்கூடாது. அது மறைந்தால் எது கேட்கப்படுகிறது என்றே தெரியாது.

கட்டங்களின் இடத்தை ஆங்கி எழுத்து வடிவில், படத்தின் அகல உயரங்களின் பின்னமாகச் சேமிக்கிறது:

```
{{c1::image-occlusion:rect:left=.72:top=.18:width=.16:height=.04}}
```

இதனால் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. அதே படம் பின்னால் தெளிவான வடிவில் கிடைத்து, ஓரங்கள் மாறாமல் இருந்தால், பழைய படத்துக்குப் பதிலாக அதை வைக்கலாம். கட்டங்கள் இடம் மாறா. ஓரத்தை ஒருபுறம் வெட்டிய படத்தை வைத்தால் எல்லாக் கட்டங்களும் நகர்ந்து, பெயர்கள் பாதி வெளியே தெரியும்.

== எல்லா அட்டைக்கும் பொதுவான புலங்கள் ==

படத்துடன் "Header", "Back Extra" என்ற புலங்களும் உள்ளன. இவை ஒரு குறிப்பிலிருந்து பிறக்கும் அனைத்து அட்டைகளுக்கும் பொது. "முன்பக்கப் பார்வை, வலப்புறம்" என்பதுபோன்ற செய்தியைத் தலைப்பில் தரலாம். ஆனால் ரேடியல் நரம்பு பாதிக்கப்பட்டால் மணிக்கட்டு தொங்கும் என்பதைப் பின்பக்கப் புலத்தில் எழுதினால், வேர்களைக் கேட்கும் அட்டையின் பின்னும் அதே வரி வந்து நிற்கும். ஐந்து நரம்புகளுக்கும் இப்படி எழுதிவிட்டால் ஒவ்வொரு விடையின் கீழும் ஒரு பத்தி சேர்ந்துகொள்ளும்; மூன்றாம் நாளிலிருந்து யாரும் அதைப் படிக்கமாட்டார்கள். இத்தகைய செய்திகளுக்குச் சாதாரணக் கேள்வி விடை அட்டைகளே சரி. ஆக்சிலரி நரம்பு எந்த எலும்பின் எந்தப் பகுதி முறியும்போது பாதிக்கப்படும் என்று கேட்டு, மேற்கை எலும்பின் அறுவைக் கழுத்து என்று விடை எழுதுவது படத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

== உடன்பிறப்பு அட்டைகள் ==

ஒரே குறிப்பின் அட்டைகளை ஆங்கி உடன்பிறப்புகள் என்கிறது. பன்னிரண்டு உடன்பிறப்புகளும் ஒரே அமர்வில் வந்தால், முன்பு பார்த்த விடைகளை நீக்கிக்கொண்டே போய்க் கடைசி நரம்பை ஊகித்துவிடலாம். அட்டைத்தொகுதியின் அமைப்புகளில் உடன்பிறப்புகளைப் புதைக்கும் தெரிவுகள் உள்ளன: "Bury new siblings", "Bury review siblings". இவற்றை இயக்கினால் ஒரு படத்திலிருந்து நாளுக்கு ஓர் அட்டைதான் வரும். பன்னிரண்டு புதிய அட்டைகளையும் காண குறைந்தது 12 நாள் ஆகும். தேர்வு ஒரு வாரத்தில் என்றால் இது உதவாது. பருவத் தொடக்கத்தில் செய்பவருக்கே இது பொருந்தும்.

== இம்முறை காட்டாதவை ==

மறைப்பு அட்டை இடத்தைக் காட்டிப் பெயரைக் கேட்கிறது. பெயரைச் சொல்லி இடத்தைக் கேட்பதில்லை. அட்டையில் உடனே விடை சொல்லும் மாணவர், வெற்றுத்தாளில் பின்னலை வரையச் சொன்னால் மீடியன் நரம்பின் இரு வேர்களை இணைக்காமல் விட்டுவிடுவதுண்டு. அட்டைகள் வேலை செய்கின்றனவா என்று அறிய வாரம் ஒரு முறை இப்படி வரைந்து பார்ப்பதே நம்பகமான சோதனை. வரைபடத்தில் எந்தக் கோடு விடுபடுகிறதோ, அதற்குத் தனி அட்டை தேவை என்று பொருள்.

மற்றொன்று, படத்துக்கும் உடலுக்கும் உள்ள தொலைவு. செய்முறைத் தேர்வில் ஊசி குத்திய உறுப்பை அடையாளம் காணும்போது மஞ்சள் நிற நரம்பும் சிவப்புத் தமனியும் இருக்கமாட்டா. எல்லாம் ஏறத்தாழ ஒரே நிறத்தில், கொழுப்பும் இணைப்புத் திசுவும் சூழ இருக்கும். ஒரே ஓவியரின் ஒரே படத்தை நூறு முறை பார்த்தவருக்கு அங்கே கை ஓடாது. அதே அமைப்பை வேறொரு நூலின் படத்திலும், துறை வழங்கிய அறுத்தாய்வுப் படத்திலும் மறைத்துச் செய்வது இந்த இடைவெளியைக் குறைக்கும். அறுவைக்கூடத்தில் உடலைக் கைப்பேசியில் படம் எடுத்து அட்டையாக்குவது வேறு விஷயம். அனுமதியின்றி அதைச் செய்யக்கூடாது.

அட்டைகளைப் பிறருக்குத் தரும்போது உரிமைச் சிக்கலும் எழும். சில்லுகளில் உள்ள படங்கள் பெரும்பாலும் விற்பனையில் உள்ள படத்தொகுப்பு நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. சொந்தப் படிப்புக்குச் செய்த தொகுதியை இணையத்தில் பொதுவில் ஏற்றுவது அந்நூல்களின் படங்களை வெளியிடுவதற்கு ஒப்பாகும். பகிரும் நோக்கம் இருந்தால் கிரேயின் உடற்கூற்றியல் நூலின் 1918ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்பில் உள்ள படங்களைக் கொண்டு செய்யலாம். அவை பொதுவுரிமையில் உள்ளன. புயநரம்புப் பின்னலின் அமைப்புப் படமும் அவற்றுள் உண்டு. அப்பதிப்பின் பெயர்கள் சில இன்றைய பெயர்களிலிருந்து வேறுபடுவதால், பழைய பெயரின் மேல் இன்றைய பெயரை எழுதிய பிறகே கட்டம் வரைய வேண்டும்.