தெரிவிச் சுற்றும் தருக்கச் சார்பும்

வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் பழைய மாடிவீடுகளிலும் மாடிப்படி விளக்கை இரண்டு ஆளிகள் இயக்குகின்றன. கீழ் ஆளி உயிர்க்கம்பியை இரண்டு கம்பிகளுள் ஒன்றில் செலுத்துகிறது. எனவே ஒரு கம்பியின் நிலை கீழ் ஆளியின் நிலையாகவும், மற்றையது அதன் மறுப்பாகவும் அமைகின்றன. மேல் ஆளி அவ்விரண்டினுள் ஒன்றைத் தெரிந்து மின்குமிழுக்கு அளிக்கிறது. இலத்திரனியலில் மல்டிபிளெக்சர் எனப்படும் சுற்றின் தத்துவம் இந்த மேல் ஆளியிலேயே அடங்கியுள்ளது. இதனை இங்கு ‘தெரிவி’ என வழங்குவோம்.

தெரிவிக்குப் பல தரவு வாயில்களும், சில தெரிவு வாயில்களும், ஒரு வெளியீடும் உண்டு. தெரிவு வாயில்களில் இடப்படும் இரும எண் எந்தத் தரவு வாயிலைச் சுட்டுகிறதோ, அதன் பெறுமானம் வெளியீட்டில் தோன்றும். மாறிகள் அனைத்தையும் தெரிவு வாயில்களில் இட்டு, உண்மை அட்டவணையின் விடைகளைத் தரவு வாயில்களில் 0, 1 எனக் கட்டிவிட்டால் எந்தச் சார்பும் கிடைக்கும். மூன்று மாறிகளுக்கு எட்டு வாயில்கள் வேண்டும். எனினும் ஒரு மாறியைத் தெரிவில் இடாது தரவுப் பக்கத்துக்கு மாற்றினால் நான்கு வாயில்களே போதும். எவ்வாறெனக் காண்போம்.

கொழும்பின் தொடர்மாடிகளில் நிலத்தடித் தாங்கியிலிருந்து கூரைத் தாங்கிகளுக்கு நீர் ஏற்றப்படுகிறது. கீழ்த்தாங்கியில் நீர் இருப்பின் X = 1 என்க. கூரையில் இரண்டு தாங்கிகள் உள்ளன; முதலாவது குறைந்திருப்பின் Y = 1, இரண்டாவது குறைந்திருப்பின் Z = 1. கீழே நீர் இருந்து, மேலே ஒன்றேனும் குறைந்திருந்தால் மாத்திரமே நீர்ப்பம்பி இயங்க வேண்டும்.

```
X Y Z | F
0 0 0 | 0
0 0 1 | 0
0 1 0 | 0
0 1 1 | 0
1 0 0 | 0
1 0 1 | 1
1 1 0 | 1
1 1 1 | 1
```

வரிசைகளை இரண்டிரண்டாகப் படியுங்கள். ஒவ்வொரு சோடியிலும் X, Y மாறுவதில்லை; Z மட்டுமே மாறுகிறது. ஆகவே ஒரு சோடியின் விடை 0, 1, Z, Z இன் மறுப்பு ஆகிய நான்கினுள் ஒன்றாகவே இருக்க முடியும். வேறு வழியில்லை. இங்கு முதலிரு சோடிகளும் 0, மூன்றாவது Z, நான்காவது 1. நான்கு வாயில் தெரிவிகள் இரண்டைக் கொண்ட 74153 சில்லின் ஒரு பாதியில் C0, C1 என்பவற்றைப் பூச்சிய வோல்ற்றளவுக்கும், C2 ஐ Z இற்கும், C3 ஐ 5 வோல்ற்றுக்கும் இணைத்தால் சார்பு முடிந்தது. தனித்தனித் தருக்கப் படலைகளைத் தேட வேண்டியதில்லை. மூன்று ஆளிகளாலான மாடிப்படி விளக்கையும் இதே சில்லால் அமைக்கலாம்: தரவுகள் முறையே Z, மறுப்பு, மறுப்பு, Z. மறுப்பைப் பெற ஒரு மறுப்புப் படலை மட்டும் மேலதிகமாகத் தேவைப்படும்.

பிழை பெரும்பாலும் தெரிவுக் கால்களில் நேர்கிறது. 74153 இல் A என்பது சிறிய இலக்கம், B என்பது பெரிய இலக்கம். நமது அட்டவணையில் X பெரியது. ஆகவே அது B இற்குச் செல்ல வேண்டும். அகரவரிசையை நம்பி X ஐ A இற்கு இணைத்தால் C1, C2 இடம் மாறியதற்குச் சமமாகும். அப்பொழுது கீழ்த்தாங்கி வறண்டு, மேலே இரண்டும் குறைந்திருக்கும் வேளையில் நீர்ப்பம்பி நீரின்றி ஓடும். அதன் அடைப்பு முத்திரை சூடேறிக் கெடும். கீழே நீர் நிறைந்து மேலே இரண்டும் குறைந்த நிலையில் மட்டும் சோதிப்பவருக்கோ சுற்று சரியாகவே தோன்றும். மாடிப்படிச் சுற்றில் C1, C2 இரண்டும் ஒன்றே ஆதலால் இப்பிழை அங்கு ஒருபோதும் வெளிப்படாது. எட்டு வரிசைகளையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பதே வழி.

0 வேண்டிய வாயிலை ‘ஒன்றும் தேவையில்லைத்தானே’ எனத் திறந்து விடுவதும் அதே விளைவைத் தரும். 74LS153 இல் திறந்த வாயில் 1 ஆகவே படிக்கப்படும். 74HC153 இல் எதுவாகப் படிக்கப்படும் எனக் கூறவே இயலாது. இயலுமைக் காலையும் பூச்சியத்துக்கு இணைத்தல் வேண்டும். இல்லையேல் 74LS153 இல் வெளியீடு எப்பொழுதும் 0 ஆகவே நிற்கும்.

X உம் Z உம் 1 ஆக இருக்கையில் Y மாறினால், தெரிவு C2 இலிருந்து C3 இற்குத் தாவுகிறது. இரண்டும் 1 ஆயினும், இடையில் சில நானோசெக்கன்கள் வெளியீடு 0 இற்கு வீழலாம். திரான்சிற்றர் வழியே ரிலேயை இயக்கும் நமது சுற்றில் இதனால் தீங்கில்லை. எண்ணிச் சுற்றொன்றுக்கு அளித்தால் எண்ணிக்கை பிழைக்கும்.

நீர்ப்பம்பிக்கு உண்மையான தொல்லை வேறிடத்திலிருந்து வரும். தாங்கியின் நீர்மட்டம் மிதவையின் விளிம்பில் அசையும்பொழுது Y, Z அடிக்கடி மாறும். பம்பியும் நின்று நின்று ஓடும். முன்னைய நிலையை இச்சுற்று அறியாது. வெளியீட்டையே தரவு வாயிலொன்றுக்குத் திருப்பி இணைத்தால் நினைவு பிறக்கும். எனினும் அதன்பின் அச்சுற்றை மேற்கண்ட அட்டவணையால் விளக்க இயலாது.