30 பிள்ளைகளுக்கு 4 சாக்குச் சருகு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தரம் 3இல் 30 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். இடைவேளையில் ஒரு பிள்ளை மிச்சம் விடும் வாழைப்பழத்தோல், தோடம்பழத்தோல், கரட் நுனி எல்லாம் சேர்த்து 40 கிராம் என்றால் வகுப்புக்கு நாளொன்றுக்கு 1.2 கிலோ. ஐந்து நாளில் 6 கிலோ, 12 வாரத் தவணையில் 72 கிலோ. இந்த 40 கிராம் ஒரு தொடக்கக் கணக்குத்தான். முதல் வாரம் தராசில் நிறுத்து, வகுப்பின் சொந்த இலக்கத்தை எழுதிக்கொள்ள வேண்டும். பெருக்கலுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

கொழும்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு ஏன் என்று கேட்டால் ஒரு திகதி போதும்: 2017 ஏப்ரல் 14. சித்திரைப் புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிரிக்காமல் கொட்டிய குப்பை அங்கே மலையாகக் குவிந்திருந்தது.

குப்பை பிரிக்கும் விளையாட்டுக்கு ஒரு 40 நிமிடப் பாடவேளை போதும். ஐந்து கூடைகள்: உக்குவதற்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கும் பொலித்தீனுக்கும் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கு மண்ணிறம். ஆளுக்கொன்றாகக் கழுவிய 30 பொருள்கள். கண்ணாடிக்கு மட்டும் படம் ஒட்டிய அட்டை. ஆறு பேர் கொண்ட ஐந்து அணிகள் அஞ்சலோட்டமாக ஓடிக் கூடையில் போடுகின்றன. ஓட்டம் 10 நிமிடம். கூடைகளைக் கவிழ்த்துச் சரிபார்க்க 15 நிமிடமாவது வேண்டும். பாடம் நடப்பது இந்தப் பதினைந்தில்தான். யோகட் கப்பும் வாழைத்தோலும் யாரையும் குழப்பாது. டொபி உறை, பால் பக்கெற், எண்ணெய் ஊறிய வடைக் கடதாசி, தேயிலைப் பை ஆகியவற்றில்தான் அணிகள் சண்டை பிடிக்கும். அதனால் 30இல் குறைந்தது பத்து இப்படிப்பட்டவையாக இருக்கட்டும். சரிக்கு ஒரு புள்ளி, பிழைக்குப் பூச்சியம். பச்சைக் கூடையில் பிளாஸ்டிக் விழுந்தால் மட்டும் மூன்று புள்ளி கழியும். பிறகு அதைக் கையால் பொறுக்க வேண்டியவர்கள் அவர்களேதான் என்பதால் இந்தத் தண்டனை நியாயமானது.

இனி, பச்சைக் கூடையில் சேர்வதைப் பசளையாக்கும் குழி. கொழும்பின் தாழ்ந்த நிலத்தில் ஆழமாகத் தோண்டினால் மழைக்காலத்தில் தண்ணீர் ஊறிவிடும். ஆகவே பெயர் குழியானாலும், தரைக்கு மேலே 75 சென்ரிமீற்றர் நீள அகல உயரத்தில் ஒரு கூடுதான் சரி. கொள்ளளவு ஏறக்குறைய 420 இலீற்றர். எலிக்காக அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை, அடியிலும் மேலேயும். மழைக்கு ஒரு சரிவான தகரம். சோறு, கறி, மீன்முள் உள்ளே வேண்டாம். தினம் கொஞ்சமாகச் சேரும் இந்தச் சிறு குவியல் கிருமி சாகும் அளவுக்குச் சூடேறாது. சோறும் கறியும் மீன்முள்ளும் மாநகரசபை எடுக்கும் உக்கும் கழிவோடு போகட்டும். கூட்டைச் சுற்றிக் கப், சிரட்டை எதுவும் கிடக்கக் கூடாது. நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரமளவு போதும் என்பதால் வெள்ளிக்கிழமை தோறும் ஒருவர் பார்த்து ஒப்பமிட வேண்டும்.

திட்டம் நொண்டுவது பெரும்பாலும் சருகில்தான். ஈரக் கழிவு ஒரு பங்கென்றால் சருகு இரு பங்கு வேண்டும், நிறையில் அல்ல, கொள்ளளவில். வாரத்தின் 6 கிலோ தோல் சுமார் 13 இலீற்றர். அதற்குச் சருகு 26 இலீற்றர். ஓர் அரிசிச் சாக்கில் 75 இலீற்றர் பிடிக்கும் என்றால் ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒரு சாக்கு, தவணைக்கு நான்கு. சீமெந்து போட்ட கொட்டாஞ்சேனை முற்றத்தில் நான்கு சாக்குச் சருகுக்கு எங்கே போவது? கோயில் வீதி கூட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். போதாவிட்டால் கிழித்த அப்பியாசக் கொப்பித் தாளும் தும்புத் தூளும் உதவும். முதல் தோல் விழுமுன் இரண்டு சாக்காவது கையிருப்பில் இல்லையென்றால் தொடங்காமல் இருப்பது நல்லது.

சருகு குறைந்தால் மூக்குக்குத் தெரியும். கூழ்முட்டை நாற்றம் வந்தால் ஈரம் கூடி, காற்றுப் போகவில்லை. கிளறிச் சருகு போட வேண்டும். கையுறையோடு ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வருவது சரியான பதம். ஒழுகினால் சருகு, ஒன்றுமே வராவிட்டால் ஒரு குவளைத் தண்ணீர். பழஈ மொய்த்தால் மேலே நான்கு விரல் தடிப்புக்குச் சருகு மூடப்படவில்லை என்று அர்த்தம்.

12 வாரத்தில் உள்ளே போவது 72 கிலோ தோல், 24 கிலோ அளவில் சருகு, ஆக 96. உக்க உக்கக் குவியல் இறங்கிக்கொண்டே போவதால் 420 இலீற்றரில் அது அடங்கும். அடுத்த தவணைக்கு இரண்டாவது கூடு வேண்டும். முதலாவது இரண்டு மூன்று மாதம் சும்மா கிடந்து முதிர வேண்டுமே. வெளியே வருவது மூன்றிலொரு பங்கு, கிட்டத்தட்ட 30 கிலோ, பிள்ளைக்கு ஒரு கிலோ. வலை, தகரம், சல்லடை, கையுறை ஆகியவற்றின் விலை நிரலைப் பிள்ளைகளே கடைச் சிட்டையைப் பார்த்து நிரப்பி 30ஆல் வகுக்கட்டும்.

பசளையைச் சலிக்கும் நாளில் சல்லடையில் தங்குவதைத் தனியே எண்ண வேண்டும்: டொபி உறை, அப்பிள் ஸ்டிக்கர், சாம்பிராணிப் பக்கெற்றின் மூலை. அந்த எண்ணிக்கை முதல் நாள் விளையாட்டில் பச்சைக் கூடைக்குள் விழுந்த பிழைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எழுதப்படும்.